கருமபீடத்தில் தொடங்காத பயிற்சி

சென்ற வாரம் பயிற்சிக்கான பணம் அரசாங்க அலுவலகங்களுக்கு எப்படி ஒதுக்கப்படுகிறது என்று பார்த்தோம். அந்தப் பணத்தைக் கேட்டு எழுதப்படும் முன்மொழிவு இந்த வாரத்துக்குரியது. இலங்கையில் இதற்கு மொழிப் பயிற்சியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ கருமமாற்றவும், அதே மொழியில் பதில் பெறவும் உரித்துடையவர். 2007 ஜூலை 1க்குப் பின் சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரச கரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை 07/2007 சொன்னது. அரசகரும மொழிகள் திணைக்களம் இருக்கிறது, அகலவத்தையில் தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகம் இருக்கிறது, வகுப்புகள் நடக்கின்றன, பரீட்சைகளும் நடக்கின்றன. அப்படியிருந்தும் தமிழில் ஓர் அலுவலை முடிக்க மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகும் பழக்கம் விட்டபாடில்லை. வகுப்பின் தரத்தைக் குறை சொல்வது சுலபம். என் வாதம் வேறு. வகுப்பு தொடங்குமுன் எழுதப்படும் முன்மொழிவிலேயே பிழை இருக்கிறது.

வழக்கமான முன்மொழிவின் முதல் வரியைப் பாருங்கள்: 'உத்தியோகத்தர்களின் தமிழ் அறிவு போதாது, ஆகவே இருபது பேருக்கு 150 மணித்தியால வகுப்பு தேவை.' இதில் குறைபாடாகச் சொல்லப்பட்டிருப்பது தீர்வின் மறுபக்கம்தான். எந்த வேலை, யாரிடம், எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்கப் பயிற்சி நிபுணர்களான ரொபர்ட் மேகரும் பீற்றர் பைப்பும் 1970இல் எழுதிய நூலில் ஒரு குறும்புக் கேள்வியை முன்வைத்தார்கள். உயிரே போகும் என்றால் அந்த ஆள் அந்த வேலையைச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால் அது பயிற்சிப் பிரச்சினையல்ல. படிவம், அதிகாரம், மேற்பார்வை என்று வேறெங்கோ இருக்கிறது. செய்யவே தெரியாது என்றால் மட்டுமே வகுப்புக்குப் பணம் கேட்கலாம்.

வத்தளையைப் போன்ற ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைத் தாண்டி வந்து குடியேறிய குடும்பங்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள், யாழ்ப்பாணத்தவர், முஸ்லிம்கள் என்று பல வகைத் தமிழ் பேசுகிறவர்கள் வாழும் இடம் அது. அப்படிப்பட்ட ஒரு பிரதேச செயலகத்தில் இரண்டு வாரம் ஒரு பதிவேடு வைக்கிறார்கள் என்று வையுங்கள். (இனி வரும் எண்களெல்லாம் முறையை விளக்க நான் வைத்துக்கொண்டவை, எந்த அலுவலகத்தின் கணக்குமல்ல.) தமிழில் அலுவல் கேட்டு வந்தவர்கள் 120 பேர். அவர்களில் 48 பேருக்கு ஒரே வருகையில் வேலை முடியவில்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் எதிரே குறித்தால் கதை மாறுகிறது. இருபது பேருக்குத் தமிழ்ப் படிவமே இல்லை. பத்துப் பேரின் தமிழ்க் கடிதம் தயாராக இருந்தும் கையொப்பமிட வேண்டியவர் ஒப்பமிடத் தயங்கினார். மிஞ்சிய 18 பேர் விடயத்தில்தான் உத்தியோகத்தருக்கு விளங்கவில்லை, அல்லது விளக்கத் தெரியவில்லை. அதாவது 48இல் 30ஐ எந்த வகுப்பாலும் சரிசெய்ய முடியாது. வகுப்புக்கு உரிய பங்கு அந்த 18 மட்டும்.

அந்தப் பதினெட்டையும் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை பிறப்பத்தாட்சிப் பத்திரப் பகுதியில் நடந்தவை என்று கொள்வோம். 'அம்மாட பேர்ல எழுத்துப் பிழை, அத மாத்தணும்' என்று ஒருவர் வந்து நிற்கிறார். சிங்களத்தில் ழகரத்துக்கு எழுத்துக் கிடையாது. யாழினி சிங்களப் பதிவுக்குள் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது யாளினியாகவோ யாலினியாகவோ வருவாள். அடையாள அட்டையில் வேறாக இருப்பாள். இதைப் பிடிக்க உத்தியோகத்தருக்கு இலக்கணப் பாடம் தேவையில்லை. ல, ள, ழ மூன்றையும் கண்ணால் பிரித்தறியவும், பேச்சுத் தமிழில் நாலைந்து கேள்வி கேட்கவும் தெரிந்தால் போதும். பொது வகுப்பு கற்பிப்பது பெரும்பாலும் எழுத்துத் தமிழ். கருமபீடத்துக்கு வருவது பேச்சுத் தமிழ். பரீட்சையில் சித்தியடைந்தவரே பீடத்தில் திணறுவதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம்.

ஆகவே கற்றல் பேறு இப்படி எழுதப்பட வேண்டும்: பெயர்த் திருத்தம் கேட்டு வரும் தமிழ் பேசுபவரிடம், வேறொருவர் துணையின்றி, எது பிழை, எந்த ஆவணம் கையில் இருக்கிறது என்று கேட்டறிந்து, இன்னும் கொண்டுவர வேண்டியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்து, பத்து நிமிடத்துக்குள் அனுப்பிவைப்பார். செயல், சூழல், அளவு மூன்றும் அதில் இருக்கின்றன. 'தமிழில் அடிப்படைத் தொடர்பாடல் திறன் பெறுவார்' என்று எழுதினால் அவர் பெற்றாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வசதிக்காகவே அப்படி எழுதப்படுகிறதோ என்று சில வேளை தோன்றும்.

இனிச் செலவு. ஒருவரின் சம்பளம் மணிக்கு 400 ரூபா, ஆசிரியருக்கு மணிக்கு 2,500 ரூபா என்று கொள்வோம். இருபது பேருக்கு 150 மணித்தியாலம் என்றால் ஆசிரியர் செலவு 3,75,000 ரூபா. முன்மொழிவுகளில் எழுதப்படுவது இந்த எண்தான். பீடத்தை விட்டுப் போய் வகுப்பில் இருக்கும் நேரத்தின் சம்பளம் 12 இலட்சம். அது எங்கும் வராது. மொத்தம் 15,75,000. இதற்குப் பதிலாக, அந்தப் பகுதியில் வேலை செய்யும் ஆறு பேருக்கு, மேலே எழுதிய பேற்றை வைத்து 60 மணித்தியாலப் பயிற்சி கொடுத்தால், சம்பளம் 1,44,000, ஆசிரியர் 1,50,000, பாடப் பொருளும் சோதனையும் 26,000, ஆக 3,20,000. இரு வாரத்துக்குப் பதினெட்டாக இருந்தது ஆறாகக் குறைந்தால் ஆண்டுக்கு 312 வீண் வருகைகள் மிச்சம். ஒன்றுக்கு ஏறத்தாழ 1,025 ரூபா. தமிழ்ப் படிவங்களைத் தயாரிக்க 40,000 ரூபா ஆனால் ஆண்டுக்கு 520 வருகைகள் மிச்சமாகும். ஒன்றுக்கு 77 ரூபா. பயிற்சி கேட்கும் முன்மொழிவின் முதல் பக்கத்தில், பயிற்சியல்லாத இந்தச் செலவு இருக்க வேண்டும்.

மொழி ஓர் உரிமை, அதற்கு ரூபாக் கணக்கா என்று கேட்பார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் உரிமை பீடத்துக்கு முன்னால் நிற்பவருடையது; சான்றிதழ் பின்னால் இருப்பவருடையது. பணம் இவர்களில் யாரைப் போய்ச் சேருகிறது என்று காட்டுவதற்கே இந்தக் கணக்கு. சுற்றறிக்கை எல்லோரையும் படிக்கச் சொல்கிறதே என்றால், படிக்கட்டும். அது சேவை நிபந்தனை. அதை நிறைவேற்றும் வகுப்பைப் பீடத்தின் சேவை மேம்பாடு என்று கணக்கில் காட்டக்கூடாது, அவ்வளவே.

எனக்கு முழுப் பதில் கிடைக்காத ஆட்சேபம் ஒன்றுண்டு: இடமாற்றம். பயின்ற ஆறு பேரில் மூவர் அடுத்த ஆண்டு வேறு பிரிவுக்குப் போனால் பலன் பாதியாகும், ஒரு வருகைக்கான செலவு இரட்டிக்கும். கேள்விகளையும் ஆவணப் பட்டியலையும் இருமொழி அட்டையாக்கி மேசையிலேயே விட்டுப்போனால் ஓரளவு தாங்கும், முழுவதும் தாங்காது. ஆகவே 1,025க்குப் பக்கத்தில் 2,050 என்ற எண்ணையும் எழுதிவிடுவதே நேர்மை.

பயிற்சி முடிந்த அன்று நிரப்பும் திருப்திப் படிவம் விரிவுரை பிடித்ததா என்பதைத்தான் சொல்லும். பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கேர்க்பற்றிக் 1959இல் வகுத்த நான்கு படிகளில் அது முதற்படி மட்டுமே. மூன்று மாதம் கழித்து அதே பதிவேட்டை அதே பீடத்தில் மீண்டும் இரு வாரம் வைக்க வேண்டும். அதற்கான நாளும் பொறுப்பானவரின் பதவியும் எழுதப்படாத முன்மொழிவில் கணக்காளர் ஒப்பமிடக்கூடாது.