முதலில் குழல் விளக்கு, அப்புறம் சோலார்

மொட்டை மாடியில் சோலார் போடலாம் என்று குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கடிதம் அனுப்பினால், உறுப்பினர்கள் முதலில் தேடுவது கணக்கைத்தான். 48 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

படிக்கட்டிலும் வாகன நிறுத்தத்திலுமாக 60 பழைய குழல் விளக்குகள். 40 வாட் என்று எழுதியிருந்தாலும், செம்புச் சோக்கையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் 50 வாட் இழுக்கும். இரவு 12 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 36 யூனிட். மாலை ஆறு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் பொது மீட்டரைப் பார்த்துக் குறித்தால் இதைச் சரிபார்த்துவிடலாம். இரவில் லிஃப்ட் ஓடியதற்கு மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

அவற்றை 20 வாட் எல்.ஈ.டி.யாக மாற்றினால் 14.4 யூனிட் போதும். மாதத்துக்கு 648 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் 2022-ல் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். அந்த விலையிலேயே பார்த்தாலும் மாதம் 5,184 ரூபாய் மிஞ்சும். ஒரு விளக்கு 300 ரூபாய் என்றால் மொத்தச் செலவு 18,000; நாலாவது மாதத்திலேயே போட்ட பணம் திரும்பிவிடும். சோலாரை முதலில் போட்டுவிட்டு விளக்கைப் பிறகு மாற்றுகிறவர்கள், தேவையில்லாத மின்சாரத்துக்கும் சேர்த்துப் பலகை வாங்குகிறார்கள்.

விளக்கு எரிவது இரவில், சோலார் தருவது பகலில். அதனால் பகல் செலவை வைத்தே பலகையின் அளவை முடிவு செய்வது நல்லது. தண்ணீர் மோட்டாரை விடியற்காலையில் போடாமல் பத்து மணிக்கு மேல் போட்டால், அதற்கு 11 யூனிட், லிஃப்டுக்குப் பகலில் 6 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நம் வெயிலில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும்; மேகமூட்டமான நாளில் குறையும். ஆகவே 5 கிலோவாட் போதும். நிழல் விழாத 500 சதுர அடி வேண்டும். கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்றால் 3 லட்சம். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அது போக 2,10,000. அந்த 17 யூனிட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் மாதம் சுமார் 4,000 ரூபாய் மிச்சம். நாலரை வருடத்தில் முதல் திரும்பும்.

நிலைக்கட்டணம் இதில் குறையாது. பேட்டரி இல்லாத சோலார் மின்வெட்டு நேரத்தில் தானாகவே நின்றுவிடும் என்பதையும் கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் சண்டைகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன.

மீதமாகும் யூனிட்டுக்கு என்ன விலை வைப்பார்கள், வலையமைப்புக் கட்டணம் உண்டா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.