சுருங்கிய கட்டி ‘வளர்ந்தது’ ஆவது எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கீமோவுக்கு வந்துபோகும் ஒரு பெண்மணி என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். நுரையீரலில் இரண்டு கட்டிகள், ஈரலில் ஒன்று. மருந்து தொடங்குமுன் எடுத்த சி.டி. ஸ்கேனில் மூன்றின் விட்டங்களையும் கூட்டினால் 100 மில்லிமீட்டர். அடுத்த ஸ்கேனில் 64, பிறகு 58, இப்போது 72. “முதல்ல இருந்ததவிடச் சின்னதாத்தானே இருக்கு டாக்டர்?” என்கிறார் மகன். டாக்டரோ, “நோய் வளர்ந்திருக்கு, மருந்த மாத்தணும்” என்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். ரெசிஸ்ட் என்ற அளவீட்டு முறை 2000இல் வந்து 2009இல் திருத்தப்பட்டது. அதன்படி, கட்டி சுருங்கியதா என்பதைத் தொடக்க ஸ்கேனோடு ஒப்பிட வேண்டும். 30 சதவீதமாவது குறைந்தால்தான் ‘சுருங்கியது’. ஆனால் வளர்ச்சியை, இதுவரை எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து கணக்கிட வேண்டும். 58லிருந்து 72 என்பது 24 சதவீத உயர்வு. உயர்வு 20 சதவீதத்தையும் 5 மில்லிமீட்டரையும் தொட்டாலே ‘வளர்ந்தது’தான். மருந்துக்கு அடங்காத செல்கள் மீண்டும் பெருகத் தொடங்கியதை இந்த ஏற்றம் காட்டுகிறது. 68 ஆக இருந்திருந்தால் உயர்வு 17 சதவீதம்தான். பெரும்பாலும் அதே மருந்து தொடர்ந்திருக்கும். பழைய கட்டிகள் எவ்வளவு குறைந்திருந்தாலும், புதிதாக ஒன்று முளைத்துவிட்டால் அதுவும் வளர்ச்சியே.

சுருக்கமும் இல்லை, வளர்ச்சியும் இல்லை என்ற இடைவெளிக்குத்தான் ‘நிலையாக உள்ளது’ என்று பெயர். ரிப்போர்ட்டில் இதைப் படித்ததும் மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். பரவிய புற்றுநோயில், சும்மா விட்டால் பெருகியிருக்கும் கட்டி மாதக்கணக்கில் அப்படியே நிற்பது மருந்தின் வேலையாகவே இருக்கலாம்.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு அகலம்? அளப்பவரின் கை பிசகும் என்பதால். 1976இல் அமெரிக்காவில் மோர்ட்டல், ஹான்லி என்ற இருவர் நுரைமெத்தைக்கு அடியில் உருண்டைகளை ஒளித்துவைத்து, 16 புற்றுநோய் மருத்துவர்களைத் தடவி அளக்கச் சொன்னார்கள். ஒரே உருண்டைக்கு ஆளுக்கோர் அளவு வந்தது. ஸ்கேனில் பிசகு குறைவு. ஆனாலும் படத் துண்டின் தடிமன், ஏற்றிய மருந்துச் சாயம், அளக்கும் கோடு இவற்றில் ஒன்று மாறினாலும் சில மில்லிமீட்டர் கூடிக் குறையும்.

இம்யூனோதெரபியில் இன்னொரு சிக்கல் உண்டு. நோய் எதிர்ப்புச் செல்கள் உள்ளே குவிவதால், கட்டி சிலருக்கு முதலில் பெருத்துவிட்டுப் பிறகு சுருங்கும். அதனால் 2017இல் வந்த திருத்தம், நோயாளி தெம்பாக இருந்தால் 4 முதல் 8 வாரத்தில் மறு ஸ்கேன் எடுத்து உறுதிசெய்யச் சொல்கிறது.

ஆகவே ஸ்கேன் சென்டரை மாற்றினால், கடைசி ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப்போனால் போதாது. தொடக்க ஸ்கேனின் சி.டி.யும், கட்டி மிகச் சிறிதாக இருந்த ஸ்கேனின் சி.டி.யும் பையில் இருக்கட்டும். அந்த 58 கண்ணில் படாவிட்டால், 100ஐ மட்டும் பார்ப்பவருக்கு 72 நல்ல செய்தியாகவே தெரியும்.