இரண்டு லட்சம் எண்கள், ஒரு நொடி

2, 4, 1, 2, 7. இவற்றில் அடுத்தடுத்து நிற்கும் எண்களைக் கூட்டினால் சரியாக 7 வரும் தொடர்கள் எத்தனை? விரல் விட்டே சொல்லிவிடலாம்: மூன்று. நிரல் போட்டிக்குத் தயாராகிறவர்கள் பழகும் CSES தொகுப்பில், `Subarray Sums I` என்ற பெயரில் இருக்கும் கணக்கு இது. ஆனால் அங்கே எண்கள் இரண்டு லட்சம் வரை வரும். நிரலுக்குக் கிடைப்பது ஒரே நொடி.

ஒவ்வொரு தொடராகச் சோதிக்கலாம் என்றால், மொத்தம் சுமார் 2,000 கோடி தொடர்கள். ஒரு நொடிக்குப் பத்துக் கோடி எளிய செயல்கள் என்பது போட்டியாளர்களின் கைக்கணக்கு. அப்படியானால் 200 நொடி ஆகும்.

டூ பாயிண்டர்ஸ் முறையில் தொடரின் இரு முனைகளுக்கும் ஒவ்வொரு சுட்டி. வலது சுட்டி நகர்ந்து எண்ணைச் சேர்க்கும். கூட்டல் 7-ஐத் தாண்டினால் இடது சுட்டி நகர்ந்து எண்ணைக் கழிக்கும். 2, 6, 7: ஒன்று கிடைத்தது. அடுத்த 2 சேர்ந்தால் 9. முதல் 2-ஐ விட்டால் மறுபடி 7. கடைசி 7 சேர்ந்தால் 14. 4, 1, 2 என மூன்றையும் விட்டபின் 7 மட்டும் மிஞ்சும். எந்தச் சுட்டியும் பின்னோக்கிப் போவதில்லை. ஆகவே இரண்டு லட்சம் எண்களுக்கும் நான்கு லட்சம் நகர்வுக்கு மேல் தேவையில்லை.

இது பலிப்பதற்குக் காரணம், எல்லா எண்களும் நேர் எண்கள். சேர்த்தால் ஏறும், விட்டால் இறங்கும். `Subarray Sums II` கணக்கில் 2, -1, 3, 5, -2 என்று குறை எண்கள் நுழைகின்றன. பழைய முறையில் கூட்டல் 2, 1, 4, 9 என்று போகும். 9 வந்ததும் 2-ஐ விட்டு, ஒரு 7-ஐப் பிடிக்கும். பின்னால் வரும் -2 அந்த 9-ஐ 7 ஆக்கியிருக்கும் என்பது அதற்குத் தெரியாது. விடை இரண்டு, நிரல் ஒன்று என்கிறது. வேகத்தில் ஒரு குறையுமில்லை, விடைதான் தப்பு.

இங்கே தேவைப்படுவது பிரீஃபிக்ஸ் சம், அதாவது தொடக்கத்திலிருந்து ஓடும் கூட்டல்: 0, 2, 1, 4, 9, 7. ஒரு தொடரின் கூட்டல் என்பது இவற்றில் இரண்டின் வித்தியாசம்தான். 9-இலிருந்து 2 போனால் 7. 7-இலிருந்து 0 போனாலும் 7. எனவே ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டியது, 'இப்போதைய கூட்டலைவிட 7 குறைவான கூட்டல் இதற்குமுன் எத்தனை முறை வந்தது?' என்பதே.

```
map<long long,int> c;
c[0] = 1;
for (long long v : a) {
    s += v;
    ans += c[s - x];
    c[s]++;
}
```

`c[0] = 1` என்ற வரியை விட்டால், முதல் எண்ணிலிருந்தே தொடங்கும் தொடர்கள் கணக்கில் வராது. கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றினாலோ, இலக்கு 0 ஆகும்போது வெறும் தொடரையும் சேர்த்து எண்ணிவிடும். மூன்றாவது பொறி `long long`. எண் ஒவ்வொன்றும் நூறு கோடி வரை போகலாம், சாதாரண `int` தாங்குவதோ சுமார் 214 கோடி. மாதிரிச் சோதனை சரியாக ஓடி, பெரிய சோதனையில் மட்டும் `WRONG ANSWER` வந்தால் நான் முதலில் இதைத்தான் தேடுவேன்.