வாடகைப் பற்றுச்சீட்டும் மின்பட்டியலும் கடன் பதிவாகுமா?

இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் உறவினர், ஒழுங்காக வாடகை கட்டிவந்தால் வங்கியில் நற்பெயர் உண்டாகும் என்று தொலைபேசியில் சொல்வது அல்லைப்பிட்டி போன்ற தீவுப்பகுதிக் கிராமங்களில் அடிக்கடி கேட்கக்கூடிய அறிவுரையாகும். புலம்பெயர்ந்தோர் வாழும் சில நாடுகளில் அதற்கு ஓரளவு அடிப்படை உண்டு. அமெரிக்காவில் எக்ஸ்பீரியன் நிறுவனம் 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு சேவையின் மூலம், வாடிக்கையாளரின் சம்மதத்தோடு அவரது வங்கிக் கணக்கிலிருந்து செல்லும் மின்சார, தொலைபேசிக் கட்டணங்கள் கடன் பதிவில் சேர்க்கப்படுகின்றன. பிரித்தானியாவில் வீட்டு உரிமையாளர் முன்வந்து அறிவித்தால் வாடகையும் பதிவாகிறது. இலங்கையில் நடைமுறை வேறானது என்பதால், இந்த அறிவுரையை அப்படியே நம்பி வங்கிக்குச் செல்பவர் ஏமாற்றத்தோடு திரும்ப நேரிடும்.

இலங்கையில் கடன் பதிவு எனப்படுவது, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் பேணிவரும் தகவல் தொகுப்பாகும். மக்கள் இதனைச் சுருக்கமாகக் ‘கிறிப்’ என்பர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் நிறுவனங்களும் தாம் வழங்கிய கடன்களின் நிலுவையையும் தவணை தவறிய காலத்தையும் இதற்கு அனுப்புகின்றன. கடனட்டை நிலுவையும், பிறருக்காகப் பிணை நின்ற பொறுப்பும், பணமில்லாமல் திரும்பிய காசோலையும் இதில் இடம்பெறும். இலங்கை மின்சார சபைக்கு மாதந்தோறும் தவறாமல் செலுத்திய பணமோ வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாடகையோ இதில் ஏறுவதில்லை, ஏனெனில் அவற்றைப் பெறுபவர் கடன் கொடுத்தவராக இந்தத் தொகுப்பில் சேர்ந்தவர் அல்லர். ஆகவே பத்து ஆண்டுகள் மின்கட்டணம் கட்டியவரும், வங்கிக் கடனே பெற்றிராதவராயின், கிறிப்பின் பார்வையில் பதிவற்றவரே. பதிவற்றவர் கெட்ட பதிவுள்ளவர் அல்லர் என்றாலும், கடன் அலுவலர் முடிவெடுக்க வேறு சான்றுகளைத் தேடவேண்டியிருக்கும்.

அந்த வேறு சான்றுகளில்தான் மின்பட்டியலும் வாடகைப் பற்றுச்சீட்டும் பயன்படுகின்றன. முகவரியை உறுதிசெய்ய மின்பட்டியல் கேட்கப்படுவது வழக்கம். கட்டணமும் வாடகையும் விண்ணப்பதாரரின் சேமிப்புக் கணக்கிலிருந்தே மாதந்தோறும் ஒரே காலத்தில் சென்றிருந்தால், அந்தக் கணக்குக் கூற்று, நிலையான செலவைத் தாங்கும் வருமானம் அவருக்கு உண்டு என்பதைக் காட்டும். காசாகக் கொடுத்து வெறும் சொல்லோடு முடித்த வாடகைக்கு இந்தப் பயன் கிடைப்பதில்லை.

தீவுப்பகுதியில் சிக்கல் எழுவது பெரும்பாலும் பெயரில்தான். போரினால் இடம்பெயர்ந்து பின்னர் வெளிநாடு சென்றவர்களின் வீடுகளில் உறவினர் பலர் எழுத்து மூலமான உடன்படிக்கை எதுவுமின்றிக் குடியிருக்கின்றனர். மின்கணக்கோ வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் பெயரிலோ, காலமாகிவிட்ட பாட்டனாரின் பெயரிலோ கிடக்கிறது. இதனை ஓர் எடுத்துக்காட்டாக வகுத்துப் பார்க்கலாம். அல்லைப்பிட்டியில் சிறு பலசரக்குக் கடை நடத்தும் பெண்ணொருவர், கனடாவில் வாழும் தாய்மாமனின் வீட்டில் ஐந்து ஆண்டுகளாகக் குடியிருந்து, மாதம் ஏறத்தாழ 6,000 ரூபா மின்கட்டணத்தைத் தாமே கட்டி, கடையைப் பெரிதாக்க 2,00,000 ரூபா கடன் கேட்கிறார் என்று கொள்வோம். பட்டியலில் மாமாவின் பெயரே இருப்பதால், அது அந்தப் பெண்ணின் முகவரிக்கே நேரடிச் சான்றாகாது. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழைச் சேர்த்தே அவர் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். பணம் கட்டியது அவரே என்பதைக் காட்டுவதற்கும் அவரது சொந்தக் கணக்கிலிருந்து சென்ற பதிவு தேவை. கடைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு எவருடையது என்பதை எவரும் சான்றுபடுத்த முடியாது.

மின்கணக்கைத் தம் பெயருக்கு மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் இதற்கு உரிமையாளரின் சம்மதம் தேவை. அதை மாமா எளிதில் தருவதில்லை என்பது யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டிய விடயமன்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆட்சிசெய்தவர் அந்தக் காணிக்கு உரிமை கோரலாம். ஊரில் ‘ஆட்சி உறுதி’ எழுதிக்கொள்வது இதன் அடிப்படையிலேயே. தன் பெயரில் மின்பட்டியல் வைத்திருப்பவர் அதை ஆட்சிக்குச் சான்றாக்கிவிடுவாரோ என்ற அச்சம் அதனால் எழுகிறது. போர்க்காலத்தில் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சிறப்பு ஏற்பாடு செய்திருப்பினும், இந்த அச்சம் முற்றாக நீங்கவில்லை.

இதற்கான தீர்வு அதே பழைய சட்டத்திலேயே இருப்பது கவனிக்கத்தக்கது. வாடகை கொடுத்தோ வேறு வகையிலோ பிறரது உரிமையை ஏற்றுக்கொண்டு இருப்பவரின் ஆட்சி, எதிர் ஆட்சியாகக் கணிக்கப்படுவதில்லை. எனவே குறைந்த தொகையாயினும் ஒரு மாத வாடகையை நிர்ணயித்து, உரிமையாளரின் பெயரையும் வீட்டையும் குறிப்பிட்டுப் பற்றுச்சீட்டோடு வங்கி வழியே செலுத்துவது இருவருக்கும் பயன் தரும்: மாமாவுக்குத் தம் உரிமை ஏற்கப்பட்டதற்கான சான்று கிடைக்கிறது, குடியிருப்பவருக்கு வாடகை வரலாறு கிடைக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலக் குத்தகையாயின், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அது நொத்தாரிசு முன்னிலையில் நிறைவேற்றப்பட வேண்டும். வெளிநாட்டிலுள்ளவர் அற்றோணித் தத்துவம் வழங்கிய உறவினர் மூலம் இதைச் செய்யலாம். ஆனால் அந்தத் தத்துவத்தில் குத்தகைக்கு விடும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவையெல்லாம் கடன் அலுவலரை நம்பவைக்கும் ஆவணங்களே அன்றிக் கிறிப் பதிவுகள் அல்ல. பதிவு உண்மையாகத் தொடங்க வேண்டுமாயின் ஒரு கடன் வேண்டும். கடைக்காரப் பெண்ணுக்கு, முதலில் தம்மால் எளிதாக அடைக்கக்கூடிய சிறு வங்கிக் கடனைப் பெற்று ஒவ்வொரு தவணையையும் உரிய நாளில் செலுத்துவதோ, நிலையான வைப்பை ஈடாக வைத்துக் குறைந்த எல்லையுள்ள கடனட்டையைப் பெறுவதோ இயலக்கூடிய வழியாகும். மின்கட்டணமும் கடன் பதிவைத் தொடுவது இந்தக் கடனட்டை வழியேதான். அந்த 6,000 ரூபாவை அட்டையால் செலுத்தி, அட்டைப் பட்டியலின் முழுத் தொகையையும் உரிய நாளுக்குள் அடைத்தால், ஒழுங்கான கடனாளி என்ற வரலாறு உருவாகிறது. மாறாகக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஏறும். அதையும் தவறவிட்டால் தாமதக் கட்டணத்தோடு, எத்தனை நாள் தவறியது என்பதும் பதிவில் நிற்கும். இங்கு ஒரு வேடிக்கை உண்டு: மின்சார சபைக்குத் தாமதமாகக் கட்டியிருந்தால் இணைப்புத் துண்டிப்பு அபாயத்தைச் சந்தித்திருப்பாரே தவிர, கிறிப்பில் கரும்புள்ளி விழுந்திருக்காது.

ஒருவர் தம் கிறிப் அறிக்கையைக் குறைந்த கட்டணத்துக்குப் பெற உரிமையுடையவர். அதில் தமக்குத் தெரியாத கடனோ, அடைத்து முடித்தும் நிலுவையாகக் காட்டப்படும் கடனோ, மறந்துபோன பிணையோ இருந்தால், தகவல் அனுப்பிய நிறுவனத்திடமே அதனைத் திருத்தக் கேட்க வேண்டும், ஏனெனில் தரவைத் தந்த இடத்திலிருந்தே திருத்தம் வரவேண்டும். எழுத்தில் முறையிட்டு, பணம் செலுத்திய பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, முறைப்பாடு கையளித்த திகதியைக் குறித்து வாங்குவது நன்று. பதில் திருப்தியளிக்காவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ‘கிறிப்பை அழித்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவர்களுக்கு அந்தத் தொகுப்பில் எதையும் நீக்கும் அதிகாரம் இல்லை. அவர்களிடம் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுப்பது, அறியாத ஒரு கடனுக்குப் பெயர் கொடுப்பதாகவும் முடியலாம்.