ஒரே மூச்சில் நான்கு கிரே

1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபில் அணு உலை வெடித்தது. அங்கிருந்த ஊழியர்கள், தீயணைப்பு வீரர்களில் 134 பேருக்குத் தீவிரக் கதிர்வீச்சு நோய் உறுதியானது. 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள்.

உடல் வாங்கிய கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகால் அளக்கிறார்கள். உடல் முழுவதும் சுமார் 1 கிரே பட்டால் குமட்டல், வாந்தி தொடங்கும். சுமார் 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப்பேர் 60 நாட்களுக்குள் இறந்துவிடுவார்கள். செர்னோபிலில் சிகிச்சை கிடைத்தது. 4.1 கிரே வரை பட்ட 91 பேரில் இறந்தது ஒருவர்தான். 6.5 கிரேயும் அதற்கு மேலும் பட்ட 21 பேரில் பிழைத்தது ஒருவர்தான்.

புற்றுநோய்க் கட்டிக்கு 60 கிரே கூடக் கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். அது ஒரு சிறு இடத்துக்கு மட்டும், நாளுக்கு 2 கிரே வீதம் ஆறு வாரம். இடைவெளியில் நல்ல செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. கதிர் படாத எலும்புகளின் மஜ்ஜை ரத்தம் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. முழு உடலிலும் ஒரே மூச்சில் பட்டால் இந்த இரண்டு வாய்ப்பும் பறிபோகிறது.

கொடுமை என்னவென்றால், வாந்தி நின்று சில நாட்கள் நோயாளி தேறியதுபோலவே தெரிவார். பழைய ரத்த அணுக்கள் தீரும்வரைதான் அது. பிறகு தொற்றும் ரத்தக்கசிவும் வரும். அதனால் மருத்துவர்கள் முதலில் கேட்பது, வாந்தி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை. ஒரு மணி நேரத்துக்குள் என்றால், பட்டது பெரும்பாலும் 4 கிரேக்கு மேல்.