மூன்று நிமிடம் பொறுக்க வைக்கும் பெட்டி

நீண்ட மின்வெட்டுக்குத்தான் கடைக்காரர்கள் பயப்படுகிறோம். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பிரீஸரில் இருந்த சாமான் கெட்டது உண்மைதான். ஆனால் கொம்பிரஸரை எரிப்பது பெரும்பாலும் இரண்டு செக்கன் போய் வருகின்ற கரண்ட்.

ஓடும் கொம்பிரஸரின் ஒரு பக்கத்தில் வாயு அமுக்கம் கூடுதலாகவும் மறுபக்கத்தில் குறைவாகவும் இருக்கும். நின்ற பின் இரண்டும் சமப்பட மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதற்குள் கரண்ட் வந்தால் அந்த அமுக்கத்தை எதிர்த்துச் சுற்ற சிறிய மோட்டாருக்குப் பலம் போதாது. சுற்றாமல் நின்றபடியே, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். ஓர் உறுமல், பிறகு 'டிக்' என்ற சத்தம். அது ஓவர்லோட் வெட்டியது. ஆறியதும் மறுபடி முயலும். பல தடவை இப்படி நடந்தால் சுருள் கருகிவிடும்.

எங்கள் வரிசையில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் நாநாவுக்கு ஜெனரேட்டர் உண்டு. ஆகவே தமக்குக் கவலையில்லை என்றிருந்தார். கரண்ட் திரும்பியதும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச்சை மாற்ற அவருக்கு இரண்டு செக்கன்தான் பிடிக்கும். ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த பிரீஸருக்கு அதுவே மோசமான வெட்டு. ஜெனரேட்டர் உள்ள பல வீடுகளிலும் கடைகளிலும் இதே கதைதான்.

இதற்குத்தான் டிலே ரிலே. பிளக்குக்கும் பிரீஸருக்கும் இடையில் பொருத்தும் சிறு பெட்டி. கரண்ட் வந்ததும் மூன்று நிமிடம் காத்திருந்து பிறகே விடும். சிலவற்றில் நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அப்படியானதே கடைக்கு நல்லது. நாநாவின் மூன்று பிரீஸர்களுக்கும் மூன்று, நான்கு, ஐந்து நிமிடம் என்று வைத்தோம். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் ஜெனரேட்டர் திணறும் அல்லவா!

வாங்கும்போது அம்பியரைப் பாருங்கள். இரண்டு அம்பியரில் ஓடும் பிரீஸர் கிளம்பும்போது பத்து, பன்னிரண்டு எடுக்கும். மலிவான பெட்டியின் தொடுமுனை அதில் ஒட்டிப்போகும். ஒட்டிவிட்டால் விளக்கு எரியும், பெட்டி வேலை செய்வதாகவே தெரியும், ஆனால் காத்திருக்காது. மாதம் ஒருமுறை சுவரிலுள்ள சுவிட்ச்சை நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்குப் பின் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். உடனே உறுமல் கேட்டால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான்.

ரிமோட்டில் இயங்கும் இன்றைய ஏசிகள் பெரும்பாலானவற்றின் போர்ட்டிலேயே இந்தத் தாமதம் இருக்கிறது. அவற்றுக்குத் தனியாகப் பணம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். கைப்பிடியைத் திருப்பும் பழைய ஜன்னல் ஏசிக்குத் தேவை. ஆனால் பிளக் பெட்டி அதற்குத் தாங்காது. ரிலே ஒரு கொன்டாக்டரை இயக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் பொருத்திக்கொள்ளுங்கள்.