ஒரே பைக்கில் ரெண்டு டாங்க்... ஏன் தெரியுமா?

தாராபுரத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஒரே ஒரு கிலோ வாயுவில் அவ்வளவு தூரமும் ஓடலாம் என்று 2024 ஜூலையில் வந்து இறங்கியது பஜாஜ் ஃப்ரீடம் 125. உலகத்தின் முதல் சிஎன்ஜி பைக் இதுதான், தெரியுமா? கிலோவுக்கு 102 கிலோமீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. பின்னால் ஓர் ஆளும் சாப்பாட்டுப் பையும் ஏறினால் அது குறையத்தான் செய்யும்!

அதில் பெட்ரோலுக்கு 2 லிட்டர் டாங்க். கூடவே, சீட்டுக்கு அடியில் 2 கிலோ வாயு பிடிக்கும் சிலிண்டர். இங்கேதான் வேடிக்கை. 2 லிட்டர் பெட்ரோலின் எடை ஒன்றரைக் கிலோ. சாதாரணத் தகர டாங்க் போதும். 2 கிலோ வாயுவுக்கோ பன்னிரண்டரை லிட்டர் இடம் வேண்டும், அதைச் சுமக்கும் சிலிண்டர் மட்டும் 16 கிலோ! திறந்து விட்டால் அதே வாயு சுமார் 3000 லிட்டராகப் பரவிவிடும்!

அடுப்புக் கேஸ் மாதிரி இதையும் திரவமாக்கி அடைக்கக் கூடாதா? முடியாது! அடுப்புக் கேஸ் லேசாக அழுத்தினாலே திரவமாகிவிடும். அதனால்தான் சிலிண்டரை ஆட்டினால் உள்ளே தளும்புகிறது. சிஎன்ஜி என்பது பெரும்பாலும் மீத்தேன். 2013இல் விளைநிலத்தில் பதிக்க விடமாட்டோம் என்று கொங்கு விவசாயிகள் மறித்தார்களே கெயில் குழாய், அதில் வரவிருந்ததும் இதே வாயுதான். மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் ஒழிய, எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் திரவமாகாது. தாராபுரம் வெயிலில் அதற்கு வழியே இல்லை! ஆக, வாயுவாகவே வைத்து 200 பார் வரை நெருக்குகிறார்கள். கட்டைவிரல் நகத்தளவு இடத்தின் மேல் நான்கு சிமென்ட் மூட்டையை ஏற்றியது போன்ற அழுத்தம் அது!

சரி, பங்கில் முள் 200ஐத் தொட்டதும் 'ஃபுல்' என்று நினைப்பீர்கள்தானே? அவசரப்படாதீர்கள்! வாயு வேகமாகப் பாய்ந்து நெருங்கும்போது சூடாகிறது. சூடான வாயு, அளவு குறைவாக இருந்தாலும் அதிக அழுத்தம் காட்டும். உள்ளே 50 டிகிரி இருக்கும்போது 200 பாரில் நிறுத்தினால், 2 கிலோ சிலிண்டரில் ஏறியிருப்பது சுமார் 1.6 கிலோதான்! வீட்டுக்கு வந்து வண்டி ஆறியதும் முள் இறங்கியிருக்கும். 'லீக்கா, திருட்டா?' என்று பதற வேண்டாம். வாயு அப்படியேதான் இருக்கிறது. சிஎன்ஜியைக் கிலோ கணக்கில் விற்பதும் இதனால்தான். முள்ளை விட்டுவிட்டு பில்லில் இருக்கும் கிலோவைப் பாருங்கள். சித்திரை மாதத்தில் விடியற்காலையில் நிரப்புகிறவர் கெட்டிக்காரர்!

இஞ்சினுக்குள் 200 பாரை அப்படியே விட முடியுமா? நடுவில் ரெகுலேட்டர் உட்கார்ந்து அதைச் சில பாராகக் குறைக்கிறது. அங்கே கதை தலைகீழ்! நெருங்கும்போது சூடான வாயு, விரியும்போது ஜில்லிட்டுப் போகிறது. கார்களில் ரேடியேட்டரின் சுடுதண்ணீரை ரெகுலேட்டரைச் சுற்றி ஓடவிட்டு அதைச் சூடாக வைத்திருக்கிறார்கள், தெரியுமா? பல கார்கள் காலையில் பெட்ரோலில் கிளம்பி, தண்ணீர் சூடேறிய பிறகே வாயுவுக்கு மாறுவதன் ரகசியம் இதுதான். வண்டி இழுத்து இழுத்து ஓடுகிறது, ரெகுலேட்டர் மேல் வெண்பனி படிந்திருக்கிறது என்றால் முதலில் ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். குறைந்திருக்கும், இல்லை குழாய் அடைத்திருக்கும்.

இஞ்சினுக்குள் போன பிறகும் பெட்ரோலுக்கும் வாயுவுக்கும் ஒத்துப்போவதில்லை. துளியாகத் தெளிக்கும் பெட்ரோல் கொஞ்சம் இடத்தில் அடங்கிவிடும். மீத்தேனோ, காற்றோடு சேர்ந்த கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்கிறது! அந்த அளவுக்கு இஞ்சினுக்குள் காற்று குறைகிறது, இழுவையும் குறைகிறது. ஊதியூர் மலையோரம் ஆளேற்றிக்கொண்டு ஓவர்டேக் எடுப்பவருக்கு அது கையிலேயே தெரியும். தவிர, இது சுலபத்தில் பற்றாது. தானாகப் பற்ற 500 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். பிளக் தேய்ந்த வண்டி பெட்ரோலில் சமாளித்துவிடும், வாயுவுக்கு மாறினால் திக்கும்.

கசிந்தால்? தரையோடு தவழாது, மேலே போகும்! காற்றைவிட லேசானது. திறந்த வெளியில் அது நல்லது. மூடிய ஷெட்டில் கூரைக்கடியில் தங்கிவிடும். மூக்குக்குத் தெரியத்தான் நாற்றம் கலக்கிறார்கள். நாற்றம் வந்தால் வால்வை மூடிவிட்டு, மெக்கானிக்கை இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், நுரைக்கும் இடம்தான் ஓட்டை.

இன்னொன்று தெரியுமா? மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். சோதனையில் காற்றை அடைப்பதில்லை, தண்ணீரை நிரப்பி 300 பாருக்கும் மேல் அழுத்துகிறார்கள்! தண்ணீர் நெருங்காது, சிலிண்டர் விட்டுக்கொடுத்தாலும் வெடித்துச் சிதறாது. இரும்பு மயிரிழை அளவு உப்பும், அழுத்தத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதது பழைய இரும்புக் கடைக்கு!